கப்பிகளால் பாரம் தூக்குதல்

கிணற்றிலிருந்து பம்பு முதலிய பாரங்களைத் தூக்குவோர் கயிற்றைக் கவனிப்பதுண்டு. அதைத் தாங்கும் உத்தரம் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறதென்பதைக் கவனிப்பவர் சிலரே. உத்தரம் முறிந்தால் பம்பும் போம், கீழே நிற்பவருக்கும் ஆபத்து நேரும்.

ஒரு பம்பும், அதை மாட்டும் கீழ்க்கட்டையும் சேர்ந்து 240 கிலோ எடையுள்ளன என்று வைத்துக்கொள்வோம். மேற்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் இரண்டிரண்டு கப்பிகள் உள்ளன. கயிற்றின் ஒரு முனை மேற்கட்டையில் கட்டப்பட்டு, கீழும் மேலுமாக நான்கு கப்பிகளையும் சுற்றி, இழுப்பவர் கைக்கு இறங்குகிறது. கப்பி உராய்வின்றிச் சுழலுமானால் அதன் இருபுறத்திலும் கயிற்றின் இழுவிசை ஒன்றே; ஆகையால் கயிறு முழுவதிலும் அது சமமாயிருக்கும். கீழ்க்கட்டையை நான்கு இழைகள் தாங்குவதால், ஒவ்வொன்றும் 60 கிலோவைச் சுமக்கும். கையால் இழுக்க வேண்டியதும் 60 கிலோவே. யந்திர லாபம் நான்கு.

கைக்கு வரும் இழையை ஐந்தாவதாகக் கூட்டுவது பலர் செய்யும் பிழை. அது மேற்கட்டையிலிருந்து இறங்குவது, பாரத்தைத் தாங்குவதன்று. கீழ்க்கட்டையைப் பிடித்திருக்கும் இழைகளை மட்டுமே எண்ண வேண்டும். லாபத்துக்கு ஈடாகக் கயிற்றின் நீளம் செலவாகும்: பம்பு ஒரு மீட்டர் உயர நான்கு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்.

ஆனால் உத்தரத்துக்கு அந்த ஐந்தாம் இழையும் கணக்கில் உண்டு. நான்கு இழைகளின் 240 கிலோவும், கீழ்நோக்கி இழுப்பவரின் 60 கிலோவும் சேர்ந்து 300 கிலோ அதன்மேல் விழும். மேற்கட்டையின் எடையும் இதனோடு கூடும். ஒரே கப்பியை உத்தரத்தில் கட்டி இழுத்தாலோ, கை 240 கிலோ இழுக்க வேண்டும். உத்தரம் 480 கிலோ தாங்க வேண்டும். கப்பித்தொகுதியினால் இழுப்பவருக்கு மட்டுமன்றி உத்தரத்துக்கும் பாரம் குறைகிறது.

நடைமுறையில் எக்கப்பியும் முற்றிலும் வழுவழுப்பாயிராது. ஒவ்வொரு கப்பியைக் கடக்கும்போதும் இழுவிசை பத்தில் ஒரு பங்கு ஏறுமானால், மேலே தூக்க ஏறக்குறைய 76 கிலோ வேண்டும். உத்தரம் தாங்குவது 316 கிலோவாகும். அப்போது கையிலுள்ள இழையே மிக இறுகியிருக்கும். கட்டிய முனை சற்றுத் தளர்ந்திருக்கும். இறக்கும்போது உராய்வு இழுப்பவருக்கு உதவுவதால், ஏறக்குறைய 47 கிலோவைப் பிடித்தாலே போதும்.

இதிலிருந்து கப்பியின் நிலையை அறியலாம். பாரத்தை ஓர் அடி உயர்த்திக் கயிற்றை மெல்லத் தளர்த்துக. கீழ்க்கட்டை உடனே இறங்காது நின்றால் ஏதோ ஒரு கப்பி இறுகியிருக்கிறது, அல்லது இழைகள் முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று உரசுகின்றன. பாரத்தைக் கீழே வைத்து, அச்சுக்கு எண்ணெயிட்டு, முறுக்கைப் பிரித்த பின்னரே மேலும் தூக்க வேண்டும். இறுகிய கப்பியோடு இன்னும் இருவரைச் சேர்த்து இழுத்தால், அவர்கள் கூட்டும் விசை முழுவதும் உத்தரத்தின்மீதே ஏறும்.