கற்றாழைச் சாறும் பொட்டாசியக் குறைவும்

சோற்றுக்கற்றாழை மடலை அறுத்தவுடன் தோலின் அடியிலிருந்து மஞ்சள் நிறக் கசப்புப் பால் வடியும். பேதியை உண்டாக்கும் அலோயின் என்னும் பொருள் அதில்தான் மிகுதி. மடலைத் தோலோடு அரைத்தாலோ, சோற்றை நன்கு கழுவாவிட்டாலோ அது சாற்றில் கலந்துவிடும். பெருங்குடலின் நுண்ணுயிரிகள் அதனைச் சிதைக்கும்போது குடல் தூண்டப்பட்டு, நீரும் உப்புகளும் மலத்துடன் வெளியேறுகின்றன.

நீர்க்கோவைக்காக ஃபுரோசமைடு உட்கொள்ளும் ஒருவர், மலச்சிக்கல் நீங்க நாள்தோறும் இச்சாற்றைப் பருகுவதாகக் கொள்வோம். மாத்திரையால் சிறுநீர் வழியாகவும், வயிற்றுப்போக்கால் மலத்தின் வழியாகவும் பொட்டாசியம் குறைகிறது. கால் தசைகள் பிடித்துக்கொள்ளும். படியேறும்போது தளர்ச்சி தோன்றும். குருதியில் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் குறையாதிருக்க வேண்டிய அளவு மிகவும் தாழ்ந்தால் இதயத் துடிப்பு சீர்கெடலாம். டிகாக்சின் உட்கொள்வோருக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம்.

பொட்டாசியம் குறைந்தால் குடலும் மந்தமாகும். மலச்சிக்கல் திரும்பியதென எண்ணிச் சாற்றைக் கூட்டினால் இழப்பு மேலும் பெருகும்.

இவ்வறிகுறிகள் தோன்றின் சாற்றை நிறுத்தி, மருத்துவரிடம் அதனைத் தெரிவித்துப் பொட்டாசியப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. படபடப்போ மயக்கமோ ஏற்பட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.