எந்த நீருக்கு எந்தச் சக்கரம்?

ஊராட்சிக் கூட்டங்களில் அவ்வப்போது எழும் வினா ஒன்று உண்டு. "ஏரி மதகில் நீர் வீணே விழுகின்றதே, அங்கு ஒரு சக்கரத்தை வைத்து மின்சாரம் எடுத்தாலென்ன?" என்பதே அவ்வினா. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் முறையன்று. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகின்றது, வினாடிக்கு எவ்வளவு வருகின்றது என்னும் இரண்டையும் அளந்தால் விடை தானே கிடைக்கும். டர்பைன் என வழங்கும் நீர்ச்சுழலியில் எவ்வகை பொருந்தும் என்பதையும் அவ்விரண்டு அளவுகளே காட்டிவிடும். அக்கணக்கை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

நீரிறக்கமும் நீரோட்டமும்

மேல் நீர்மட்டத்திற்கும் கீழ் நீர்மட்டத்திற்கும் உள்ள உயர வேறுபாட்டை நீரிறக்கம் என்போம். பம்பு வாங்கும்போது வணிகர் 'ஹெட்' என்று கூறுவதும் இதுவே. வினாடிக்கு எத்தனை கன அடி அல்லது கன மீட்டர் நீர் செல்கின்றது என்பது நீரோட்டம். ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 35.3 கன அடி. நீரிறக்கத்தை மீட்டரிலும் நீரோட்டத்தைக் கன மீட்டரிலும் கொண்டு இரண்டையும் பெருக்கி, 9.81 ஆல் பெருக்கி, இயந்திரத்தில் வீணாகும் பகுதியைக் கழித்தால், கிடைக்கும் மின்சக்தி கிலோவாட்டில் வரும்.

மிகுந்த உயரத்திலிருந்து சிறிதளவு நீர் விழுந்தாலும், குறைந்த உயரத்திலிருந்து பெருமளவு நீர் வந்தாலும், பெருக்குத் தொகை ஒன்றாகவே இருத்தல் கூடும். ஆயினும் இரண்டிற்கும் ஒரே சக்கரம் உதவாது. காரணம் எளிது. உயரத்திலிருந்து வரும் நீருக்கு வேகம் மிகுதி. அதற்கு வழி சிறிதளவே போதும். தாழ்விலிருந்து வரும் நீருக்கு வேகம் குறைவு; அதற்குப் பெரிய வழி வேண்டும்.

நம் மாநிலத்தின் மூன்று சக்கரங்கள்

இவ்வேறுபாட்டை நம் மாநிலத்திலேயே காணலாம். நீலகிரியில் 1932ஆம் ஆண்டு மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களின் வழியே இறங்கி வந்தது. அங்கு பொருந்துவது பெல்டன் சக்கரம். குழாயின் முனையிலிருந்து பீறிடும் நீர்த்தாரை, சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக உள்ள இரட்டைக் கிண்ணங்களில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. சக்கரம் நீரில் மூழ்காமல் காற்றிலேயே சுழலும்.

1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இத்தகைய நடுத்தர உயரத்திற்கு ஏற்றது பிரான்சிஸ் சுழலி. இதில் நீர் சுற்றுப்புறமெங்கும் இருந்து உள்நோக்கி நுழைந்து, வளைந்த தகடுகளைத் தள்ளிக்கொண்டு, நடுவழியாகக் கீழே வெளியேறும். சக்கரம் முழுவதும் நீரில் அமிழ்ந்திருக்கும்.

அதே காவிரி நீர் மேட்டூரைக் கடந்தபின், ஆற்றின் குறுக்கே அமைந்த கதவணைகளில் மீண்டும் மின்சாரம் தருகின்றது. அங்கு நீரிறக்கம் சில மீட்டர்களே. கதவணை ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு உள்ளன. இவை கப்பல் விசிறியைப் போன்ற தகடுகள் உடையவை. நீர் அச்சின் வழியே நேராகப் பாய்ந்து செல்லும். கப்ளான் சுழலியின் இனத்தைச் சேர்ந்த இவற்றைக் குமிழ்ச் சுழலி என்பர். மின்னாக்கி, நீரோட்டத்தின் நடுவே ஒரு குமிழ் போன்ற கூட்டினுள் அடங்கியிருப்பதே காரணம்.

தன்வேகம் என்னும் எண்

நடுவில் வரும் உயரங்களுக்கு எதைத் தேர்வது? இதற்கு வழிகாட்டுவது தன்வேகம் என்னும் ஓர் எண். ஒரு சுழலியை அதன் வடிவம் மாறாமல் சுருக்கி, 1 மீட்டர் நீரிறக்கத்தில் 1 கிலோவாட் தருமாறு அமைத்தால், அச்சிறு சுழலி நிமிடத்திற்கு எத்தனை சுற்றுச் சுழலுமோ, அதுவே அவ்வடிவத்தின் தன்வேகமாகும். அதன் வாய்பாடு இது:

Ns = N × √P ÷ H^1.25

இதில் N என்பது நிமிடச் சுற்று, P கிலோவாட், H மீட்டரில் நீரிறக்கம். கடைசிப் பகுதியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நீரிறக்கத்திற்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, வந்ததை மீண்டும் நீரிறக்கத்தால் பெருக்கினால் போதும்.

ஒரே தாரையுள்ள பெல்டனுக்குத் தன்வேகம் ஏறக்குறைய 10 முதல் 30 வரை. பிரான்சிஸ் சுழலிக்கு 50 முதல் 300 வரை. கப்ளான் இனத்திற்கு 300 முதல் 900 வரை. இவ்வெல்லைகள் கோடு கிழித்தவை அல்ல. ஒன்றோடொன்று சற்றுக் கலந்தே இருக்கும். மேலும், சிலர் கிலோவாட்டிற்குப் பதிலாகக் குதிரைத்திறனில் கணக்கிடுவர். அப்போது எண் ஆறில் ஒரு பங்களவு கூடிவரும். ஆகவே, விலைப்பட்டியலில் தன்வேகம் குறித்திருந்தால் அஃது எந்த அளவில் என்று கேட்டறிதல் வேண்டும்.

பம்புக்கும் இதே முறை உண்டு. ஆழ்துளைக் கிணற்றுப் பம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சக்கரங்கள் அடுக்கப்பட்டிருப்பதை விவசாயிகள் அறிவர். சிறிதளவு நீரை மிகுந்த உயரத்திற்கு ஏற்ற ஒரே சக்கரத்தை வைத்தால் தன்வேகம் மிகவும் தாழ்ந்துவிடும், சக்தி வீணாகும். உயரத்தைப் பல சக்கரங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் தனக்கேற்ற தன்வேகத்தில் இயங்கும்.

சாத்தனூர் அளவில் ஒரு கணக்கு

தென்பெண்ணையின் குறுக்கே நம் மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணையின் முழு நீர்மட்டம் 119 அடி. அங்குள்ள மின்நிலையத்தின் திறன் 7.5 மெகாவாட். அவ்வளவில் ஓர் இயந்திரத்தைத் தேர்வதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நீரிறக்கம் 30 மீட்டர் என்றும், நூற்றுக்கு 88 பங்கு சக்தி மின்சாரமாகும் என்றும் கொள்வோம். 7,500 கிலோவாட்டிற்கு வினாடிக்கு 29 கன மீட்டர், அதாவது 1,020 கன அடியளவு நீர் வேண்டும்.

7,500க்கு வர்க்கமூலம் 86.6. முப்பதுக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டால் 2.34, அதை முப்பதால் பெருக்க 70.2. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.23. ஆகவே இவ்விடத்தில் நிமிடச் சுற்றை 1.23 ஆல் பெருக்கினால் தன்வேகம் வந்துவிடும்.

பெல்டன் சக்கரத்தைக் கருதி, தன்வேகம் 20 எனக் கொண்டால், சக்கரம் நிமிடத்திற்கு 16 சுற்றே சுழலும். அவ்வளவு மெதுவாகச் சுழன்று நம் 50 சைக்கிள் மின்சாரத்தைத் தருவதற்கு மின்னாக்கியில் 370 காந்த முனைகளுக்கு மேல் வேண்டும். அத்தகைய இயந்திரத்தை யாரும் செய்யார், பெல்டன் விலக்கப்பட்டது. 200 சுற்று எனில் தன்வேகம் 247. இது பிரான்சிஸ் வடிவம். 300 சுற்று எனில் 370. இது கப்ளான் வடிவம்.

இங்கு தன்வேகத்தின் வேலை முடிகின்றது. மூன்றில் ஒன்றை விலக்கி இரண்டை நம் முன் நிறுத்திவிட்டது. எஞ்சியதை நீரின் போக்கைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். பாசனத்திற்குத் திறக்கும் நீர் ஒரு மாதம் மிகுந்தும் ஒரு மாதம் குறைந்தும் செல்லும். பிரான்சிஸ் சுழலி தனக்குரிய நீரோட்டத்தில் மிக நன்றாக இயங்கும். பாதி நீரே வந்தால் தளர்ந்துவிடும். கப்ளானின் தகடுகள் நீருக்கேற்பத் திரும்புவதால், மூன்றில் ஒரு பங்கு நீரிலும் அது பெரிதும் தளர்வதில்லை. ஆனால் அதன் விலையும் பராமரிப்பும் கூடுதல்.

மற்றொன்றும் உண்டு. தன்வேகம் உயர உயர, தகட்டின் பின்புறத்தில் அழுத்தம் தாழ்ந்து, நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றி வெடிக்கும். இதைத் தடுக்கச் சக்கரத்தை வெளியேறும் நீரின் மட்டத்தை ஒட்டியோ அதற்கும் கீழோ அமைத்தல் வேண்டும். அஸ்திவாரச் செலவு கூடும். அவ்வாறு அமைக்கத் தவறினால், சுழலியினுள் சரளைக்கல் உருள்வதைப் போன்ற ஓசை கேட்கும். நிறுத்திப் பார்த்தால் தகடுகள் கடற்பஞ்சு போல் அரித்திருக்கும்.

இனி ஏரி மதகு

நம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பாசனம் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியது. நிரம்பிய ஏரியின் மதகில் 3 மீட்டர் நீரிறக்கமும் வினாடிக்கு 10 கன அடி நீரும் கிடைப்பதாகக் கொள்வோம். சிறு இயந்திரமாதலால் நூற்றுக்கு 75 பங்கே மின்சாரமாகும் என்றால், கிடைப்பது 6 கிலோவாட்டிற்குச் சற்று அதிகம்.

இவ்விடத்திற்கு ஒருவர் மலிவு விலையில் பெல்டன் சக்கரத்தைக் கொண்டுவந்தால் ஊராட்சி அதனை ஏற்கலாமா? தன்வேகம் 20 எனில் அது நிமிடத்திற்கு 32 சுற்றே சுழலும். அத்தனை நீரையும் ஒரே தாரையாக விட, தாரையின் குறுக்களவு 22 சென்டிமீட்டரும், சக்கரத்தின் குறுக்களவு 2 மீட்டருக்கு மேலும் வேண்டும். பெல்டன் நீரில் படாமல் சுழல வேண்டியதாகையால், உள்ள 3 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் வீணே கழிந்துவிடும். விசிறி வகையோ 1,000 சுற்றில் இயங்கலாம். தன்வேகம் ஏறக்குறைய 630. ஆகவே இங்கு ஏற்றது விசிறி வகை ஒன்றே.

சக்கரம் பொருந்திவிட்டது, நீர் பொருந்துமா? ஏரி வற்றி நீரிறக்கம் பாதியானால், அதே மதகில் ஓட்டமும் குறையும். இரண்டும் சேர்ந்து சக்தி மூன்றில் ஒரு பங்காகிவிடும். 6 கிலோவாட் 2 கிலோவாட்டாகும். மதகு மூடிய மாதங்களில் ஒன்றுமில்லை. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றிற்கு 4 கிலோவாட்டிற்குக் குறையாமல் வேண்டும். ஆக, ஏரி நிறைந்திருக்கும்போதும் ஒரு கிணற்றின் மோட்டாரை மட்டுமே ஓட்டவல்ல இயந்திரத்திற்கு, ஊராட்சி தன் பொதுப்பணத்தைச் செலவிடுவது தகாது. மின்சாரத்திற்காக மதகைத் திறந்தால் ஆயக்கட்டு நீரும் போய்விடும். ஆண்டில் பெரும்பகுதி சீராக நீர் செல்லும் கால்வாயின் சரிவு எனில் கணக்கு வேறாகலாம்.

எனவே, இத்தகைய யோசனை எழும் ஊர்களில் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. நீர் நிறைந்தபோதும் தாழ்ந்தபோதும் நீரிறக்கத்தை அளந்து எழுதுக. ஓராண்டுக்கு மாதந்தோறும் நீரோட்டத்தைக் குறித்து வைக்க. அக்குறிப்பேடு கையிலிருந்தால், எந்தச் சக்கரம் என்பதையும், சக்கரம் வேண்டுமா என்பதையும் ஊராட்சியே ஒரு மாலைப்பொழுதில் கணக்கிட்டுவிடலாம்.