நன்றிப் பதிவில் அடுத்த காணொளி

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து யூடியூப் சேனல் நடத்துகிறீர்கள், 10,000 சந்தாதாரர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைத் தொட்ட நிமிடமே நன்றிப் பதிவு போடாதீர்கள். போலிக் கணக்குகளை யூடியூப் அவ்வப்போது நீக்கும். எண்ணிக்கை மறுநாளே 9,990-க்கு இறங்கிவிடலாம். சேனல் பக்கத்தில் தெரிவது சுருக்கிய எண்தான். சரியான எண்ணை ஸ்டுடியோவில் பார்த்து, இன்னொரு நூறு பேர் கூடியபின் போடுங்கள்.

நன்றிக்கு இரண்டு வரி போதும். மிச்ச இடம் வரப்போகும் காணொளிகளுக்கு. கேள்வியைச் சொல்லுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். “கொடைக்கானல் பற்றி நிறைய வருது” என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். இப்படி எழுதலாம்:

“பத்தாயிரம் பேர் ஆகிட்டோம், ரொம்ப நன்றி! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம மலைப்பூண்டைக் கடையில் எப்படி அடையாளம் காண்பது? கொடைக்கானல் வர இ-பாஸ் எடுக்கும்போது எங்கே தடுமாறுகிறோம்? எது முதலில் வேணும்?”

கடைசிக் கேள்வியை வாக்கெடுப்பாக வையுங்கள். எடுத்து முடித்த காணொளிக்கு மட்டும் தேதி சொல்லுங்கள். மூடுபனி இறங்கினால் மலையில் படப்பிடிப்பு தள்ளிப்போகும். வாக்கில் தோற்ற தலைப்பையும் பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள், அதற்கு வாக்களித்தவர்களும் உங்கள் சந்தாதாரர்கள்தான்.