தேதி ஒன்று, கிழமை வேறு: ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வகுப்பில் ஆராய்ந்தோம்

மழைக்காலத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. தொலைக்காட்சிச் செய்தி அட்டை போன்ற அதில், "கனமழை: நாளை அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை" என்றும், கீழே "21.11.2024, புதன்" என்றும் இருந்தது. இதை நம்பினால் பிள்ளைகள் வீட்டில் இருந்துவிடுவார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் அவர்களைத் தனியே விட்டுச் செல்வார்கள். பள்ளியில் கிடைக்கும் உணவும் அன்று கிடைக்காது. எனவே அந்தப் படத்தையே எட்டாம் வகுப்பில் பாடமாக்கினேன்.

முதலில் கிழமையைப் பார்த்தோம். 2024-இல் குழந்தைகள் தினம் வியாழக்கிழமை வந்தது மாணவர்களுக்கு நினைவிருந்தது. நவம்பர் 14 வியாழன் என்றால், ஏழு நாள் கழித்து வரும் 21-ஆம் தேதியும் வியாழன்தான். புதன்கிழமை 20-ஆம் தேதி. முந்தைய நாள் அட்டையில் 0-வை 1 ஆக மாற்றியவர் கிழமையை மாற்ற மறந்திருக்கலாம் என்று ஒரு மாணவி சொன்னாள்.

அடுத்து, படத்தைப் பெரிதாக்கி எழுத்துகளின் விளிம்பைப் பார்த்தோம். படத்தைச் சேமித்துத் திரும்பத் திரும்பப் பதிவேற்றும்போது அது சுருக்கப்படுகிறது. அதனால் படம் முழுவதும் மங்கும். இந்த அட்டையிலோ தலைப்பும் சின்னமும் மங்கியிருக்க, தேதி மட்டும் கூர்மையாக இருந்தது. மங்கிய படத்தின் மேல் பிறகு எழுதினால் இப்படித் தெரியும்.

மூன்றாவது, பின்னணி நிறம். அட்டையின் அடிப்பட்டை இடமிருந்து வலமாக மெல்ல அடர்ந்துகொண்டே போனது. தேதியைச் சுற்றி மட்டும் ஒரே நீலம், கட்டம் கட்டியது போல இருந்தது. பழைய எண்ணை மறைக்க வண்ணம் பூசிய இடம் அது.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் மாணவர்களுக்குச் சொன்னேன். திருத்திய படமே பலமுறை பதிவேற்றப்பட்டால் எல்லாம் சமமாக மங்கி, தடயம் அழிந்துவிடும். இணையப் பக்கத்தின் எழுத்துகளை உலாவியிலேயே மாற்றிவிட்டுப் படம் எடுத்தால், வண்ணமோ விளிம்போ காட்டிக்கொடுக்காது. உண்மையான அட்டையிலும் அச்சுப்பிழை வரலாம். ஆகவே தடயம் இருந்தால் சந்தேகப்படலாம். தடயம் இல்லை என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

முடிவு படத்துக்கு வெளியேதான் கிடைக்கும். மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவருடைய அதிகாரப்பூர்வப் பக்கத்தையும், அட்டையில் பெயர் இருந்த தொலைக்காட்சியின் பக்கத்தையும் திறந்து பார்த்தோம். இரண்டிலும் அந்த அறிவிப்பு இல்லை. அதன்பிறகே குழுவில், "தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை, ஆட்சியர் அறிவிப்பும் இல்லை. நாளை பள்ளி உண்டு" என்று எழுதினோம். பொய்ப் படத்தை மீண்டும் பகிரவில்லை. பகிர்ந்திருந்தால், எங்கள் வரிகளைப் படிக்காதவர் அதையே செய்தியாக எடுத்துக்கொண்டிருப்பார்.