கம்பெனிகளுக்கு தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் விற்கிறீர்களா?

ஆர்டர்: பண்டிகைக்கு இரண்டரை மாதம் முன்பே மாதிரிப் பெட்டியுடன் எச்.ஆர். அல்லது பர்சேஸ் பிரிவை அணுகுங்கள். இறுதி எண்ணிக்கையை மூன்று வாரம் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் தீபாவளிக்குச் சில நாள் முன்பே ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனவே பால் இனிப்பைத் தவிர்த்து, முந்திரி, பாதாம், மிக்சர், நெய் மைசூர்பாகு போன்று தாங்கும் பண்டங்களை வையுங்கள்.

லோகோ: பெட்டியிலேயே அச்சடித்தால் மிஞ்சியவை வேறு யாருக்கும் விற்காது. பொதுவான பெட்டியில் கம்பெனி பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையைச் சுற்றுங்கள். அச்சுக்கு முன் டிசைனுக்கு மெயிலில் ஒப்புதல் பெறுங்கள்.

விலை: டிசைனுக்கும் அச்சுக்கும் ஆகும் நிலையான செலவு 5,000 ரூபாய் என்று வைப்போம். 50 பெட்டி என்றால் ஒன்றுக்கு 100 ரூபாய், 250 என்றால் 20 ரூபாய்தான். மிச்சமாகும் அந்த 80 ரூபாய்க்குள் தள்ளுபடி கொடுங்கள். பண்டத்தின் அளவில் கை வைக்காதீர்கள். சிறு பெட்டியைப் பல கிளைகளுக்கு அனுப்பச் சொன்னால் கூரியர் செலவைத் தனியாகச் சொல்லுங்கள்.

பில்: வெவ்வேறு ஜி.எஸ்.டி. விகிதமுள்ள பொருட்களை ஒரே விலைக்கு ஒரே பெட்டியாக விற்றால், அவற்றில் அதிகமான விகிதமே முழுப் பெட்டிக்கும் பொருந்தும். அதனால் விலை சொல்லும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணும் பர்சேஸ் ஆர்டர் எண்ணும் இல்லையென்றால் கணக்குப் பிரிவிலிருந்து பில் திரும்பிவிடும். பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். மீதிக்கான தேதியை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.