சாய்ந்த தலைப்புகளும் நேரான எண்களும்

ஜொகூர் மாநிலத்தில் பத்து மாவட்டங்கள் உள்ளன. அம்மாவட்டங்களின் விவரங்களை ஓர் அட்டவணையில் தரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. எண்கள் இரண்டு இலக்கங்களில் அடங்கிவிடுவதால், அவற்றுக்கு ஒடுக்கமான நிரல்களே போதும். ஆனால், கோத்தா திங்கி, ஜொகூர் பாரு போன்ற பெயர்கள் நீளமானவை. அந்த ஒடுக்கமான இடத்தில் அவற்றை நேராக எழுத இயலாது. அதனால், தலைப்புகளை வலப்பக்கமாகச் சாய்த்து, கீழிருந்து மேலாக எழுதிவிடுகின்றனர். இடம் மிச்சமாகிறது. எனினும், அத்தகைய அட்டவணையைப் பார்த்துப் படியெடுப்பவர் எளிதில் தவறிவிடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாநில அளவிலான போட்டி ஒன்றுக்கு மாணவர்களை அழைத்து வரப் பேருந்துகளை ஏற்பாடு செய்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். அட்டவணையில் மாவட்டங்களும் மாணவர் எண்ணிக்கையும் இடமிருந்து வலமாக இவ்வாறு உள்ளன: ஜொகூர் பாரு 42, பத்து பகாட் 27, குளுவாங் 22, கோத்தா திங்கி 14, மெர்சிங் 9, மூவார் 31, பொந்தியான் 18, சிகாமட் 16, கூலாய் 19, தங்காக் 11. கடைசி நிரலில் மொத்தம் 209.

வலப்பக்கம் சாய்ந்த தலைப்பின் முதல் எழுத்துதான் அதற்குரிய நிரலின் மேல் நிற்கும். தலைப்பின் நடுப்பகுதியும் முடிவும் அடுத்தடுத்த நிரல்களின் மேல் நீண்டிருக்கும். கண் இயல்பாகத் தலைப்பின் நடுவையே பற்றிக்கொண்டு, அங்கிருந்து நேராகக் கீழே இறங்குகிறது. அப்போது மெர்சிங்குக்கு 31 என்றும் மூவாருக்கு 18 என்றும் எழுதிவிடுவோம். மெர்சிங்கில் ஒன்பது பேருக்குப் பெரிய பேருந்து வந்து நிற்கும்; மூவாரிலோ பதின்மூன்று பேருக்கு இருக்கை இராது.

ஆகவே, தலைப்பின் அடியைத்தான் முதலில் தேட வேண்டும். தலைப்புகளுக்கு இடையே சாய்கோடுகள் இருந்தால், அவை நிரல்களைப் பிரிக்கும் நேர்கோடுகளோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே உள்ள தலைப்பு, அவை இறங்கிச் சேரும் இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே உள்ள நிரலுக்கு உரியது. பிறகு, ஒவ்வொரு தலைப்பின் அடியிலும் 1, 2, 3 எனப் பென்சிலால் எண்ணிட வேண்டும். நிரல்களுக்கும் தனியாக எண்ணிட வேண்டும். மேலே 11 தலைப்புகள் இருந்தால், கீழேயும் 11 நிரல்கள் இருக்க வேண்டும்.

இங்கே மற்றொரு கவனமும் தேவை. ஜொகூர் பாரு, பத்து பகாட், கோத்தா திங்கி ஆகிய மூன்று பெயர்களும் இரண்டு சொற்களால் ஆனவை. அவை இரண்டு வரிகளாக மடிக்கப்பட்டிருந்தால், 11 தலைப்புகள் 14 போலத் தோன்றும். ஆகவே, வரிகளை எண்ணாமல் பெயர்களையே எண்ண வேண்டும். பழைய அட்டவணையாக இருந்தால், ஆண்டையும் பார்க்க வேண்டும். கூலாயும் தங்காக்கும் 2008ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்திய அட்டவணையில் எட்டு மாவட்டங்களே இருக்கும். விடுபட்டன என்று எண்ணி, இவ்விரண்டையும் நாமாகச் சேர்த்துவிடக்கூடாது.

படியெடுக்கும் தாளில் அதே வடிவத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. மாவட்டப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எண்ணை அதன் எதிரே எழுதினால், நீளமான பெயருக்கும் இடம் கிடைக்கும். தலைப்பைச் சாய்க்கும் தேவையும் இராது.

எழுதி முடித்ததும் எண்களைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். ஆனால், இந்தத் தவற்றைக் கூட்டல் காட்டிக்கொடுப்பதில்லை. எல்லா எண்களும் ஓர் இடம் தள்ளிப்போன பிறகு, தலைப்பின்றி நிற்கும் 42ஐ ஒருவர் தங்காக்கின்கீழ் எழுதிவிட்டால், கூட்டுத்தொகை அதே 209தான். எண்கள் மாறவில்லை, அவற்றின் உரிமையாளர்களே மாறியிருக்கிறார்கள்.

ஆகவே, இரு முனைகளையும் பார்க்க வேண்டும். முதல் நிரல் தலைப்பின்றி நிற்கிறதா? கடைசித் தலைப்பான ‘மொத்தம்’ என்பதற்குக் கீழே நிரல் இல்லாமல் போகிறதா? தங்காக்கின் எதிரே 209 வந்துவிட்டதா? இவற்றுள் ஒன்று நிகழ்ந்தாலும் தலைப்புகள் நகர்ந்துவிட்டன என்று பொருள். இறுதியாக, இடையில் உள்ள ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணிலிருந்து தொடங்கி, மேல்நோக்கி நிரலின் கோட்டைப் பின்பற்றித் தலைப்பின் அடிவரை செல்லலாம். 31இலிருந்து ஏறினால் மூவாரை அடைய வேண்டும். அடைந்தால், மூவார் மாணவர்கள் அனைவருக்கும் பேருந்தில் இடம் உண்டு.