கிப்ஸ் சக்கரத்தில் ஒரு கட்டுரை: நர்சிங் பிள்ளைகளுக்குச் சில கைக்குறிப்புகள்

வீட்டில் நர்சிங் படிக்கிற பிள்ளை இருக்கிறதா தோழிகளே? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். போஸ்டிங் முடிந்து களைத்து வந்த பிள்ளை, 'சமாளிக்கக் கஷ்டமாக இருந்த நோயாளி ஒருவரைப் பற்றி ரிஃப்ளெக்டிவ் கட்டுரை, கிப்ஸ் முறையில், 1000 வார்த்தை' என்ற தாளை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு விழித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையின் நேரத்தையும் தூக்கத்தையும் மிச்சப்படுத்தத்தான் இந்தக் குறிப்புகள்.

1. சம்பவம் நடந்த அன்றே, பஸ்ஸில் வரும்போதே ஐந்து வரி குறித்து வைத்துவிடுங்கள். நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், ஒரு வாரம் போனால் அது நம் வார்த்தையாக மாறிவிடும். பெயர், படுக்கை எண், ஆஸ்பத்திரி பெயர் எதுவும் அந்த நோட்டிலும் வேண்டாம். கேஸ் ஷீட்டை போனில் படம் எடுக்கவே கூடாது.

2. பெரிய கதையைத் தேடி அலையாதீர்கள், அரை மணி நேரச் சம்பவம் ஒன்று போதும். உதாரணத்துக்கு இதை வைத்துக்கொள்வோம்: அறுபது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி ஒருவர், வயிற்று ஸ்கேனுக்காக ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றில் இருக்கிறார். காலை எட்டு மணிக்கு என்று சொன்ன ஸ்கேன் பதினொன்றாகியும் நடக்கவில்லை. சர்க்கரை பார்க்கப் போன மாணவியின் கையைத் தட்டிவிட்டு, "குத்திக் குத்தியே கொல்லுறீங்க, போ அந்தப் பக்கம்!" என்று கத்துகிறார்.

3. கிரகாம் கிப்ஸ் 1988-இல் கொடுத்த சக்கரத்தில் ஆறு படிகள்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். ஆறுக்கும் வார்த்தைகளைச் சமமாகப் பங்கு போட்டால் மதிப்பெண் போய்விடும். ஆயிரம் வார்த்தையில் நடந்ததற்கு 150, உணர்ந்ததற்கு 100, நல்லது கெட்டதற்கு 150, 'ஏன்' என்பதற்கு 350, 'வேறென்ன' என்பதற்கு 100, திட்டத்துக்கு 150 என்று என் கணக்கில் ஒதுக்கலாம். பிள்ளைகள் பெரும்பாலும் கதையிலேயே 500 வார்த்தையைக் கரைத்துவிட்டு, 'ஏன்' வரும்போது கை வெறுமையாக நிற்பார்கள்.

4. முதல் படியில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். 'அவர் முரட்டு ஆள்' என்பது உங்கள் தீர்ப்பு. 'கையைத் தட்டினார், நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின' என்பதுதான் நடந்தது. இந்த வியர்வையையும் நடுக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், ஏழாவது குறிப்பில் அவைதான் கட்டுரையைக் காப்பாற்றப் போகின்றன.

5. உணர்வுப் படியில் மூன்று நேரத்தைப் பிரித்துக்கொண்டால் சுலபம்: போவதற்கு முன், அந்த நிமிஷம், பிறகு. 'கொஞ்சம் பதற்றம், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் பார்க்கக் கத்தியதில் அவமானம், ஸ்டாஃப் நர்ஸ் வந்ததும் நிம்மதி, கூடவே குற்ற உணர்வு.' இவ்வளவு போதும், கண்ணீர்க் காவியம் வேண்டாம்.

6. நல்லது கெட்டது எழுத, தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் நிரப்புங்கள். நல்லது: மாணவி எதிர்த்துப் பேசவில்லை, வலுக்கட்டாயமாகக் குத்தவில்லை, உடனே ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டாள். கெட்டது: யார் என்று சொல்லாமலே விரலைப் பிடித்தாள், ஸ்கேன் ஏன் தாமதம் என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. எல்லாத் தவறையும் தன் தலையில் போட்டுக்கொள்வதும் சரியான மதிப்பீடு இல்லை.

7. இப்போது 'ஏன்'. இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். ஸ்டாஃப் நர்ஸ் பேசிச் சமாதானப்படுத்தி, சர்க்கரை பார்த்தபோது மீட்டரில் 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அதில் வியர்வை, நடுக்கம், படபடப்பு மட்டுமல்ல, எரிச்சலும் கோபமும்கூட அறிகுறிகள்தான். முந்தின ராத்திரி இன்சுலின் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு சாப்பாடே இல்லை, ஸ்கேனும் தள்ளிப்போய்விட்டது. ஆக, வார்டு முழுக்க 'கோபக்காரர்' என்று பெயர் வாங்கியவரின் கோபத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் இருந்தது. டியூட்டி டாக்டரிடம் சொல்லி, சுமார் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். அவர் நினைவோடு இருந்தார், விழுங்கவும் முடிந்தது, அதனால் வாய்வழி கொடுக்கலாம். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தபோது 84. அதற்குப் பிறகுதான், "நீ யாரும்மா, படிக்கிற பொண்ணா?" என்று கேட்டார். இந்த இடத்தில் தாழ்சர்க்கரை பற்றிய பாடப்புத்தகத்தையோ ஆஸ்பத்திரி நெறிமுறையையோ மேற்கோள் காட்டுங்கள், 'ஏன்' என்பதற்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

8. ஆனால் எல்லாவற்றையும் சர்க்கரை மீது போட்டுவிட்டு நழுவக் கூடாது. 84 ஆன பிறகும் அவர் விரல் வலியைச் சொன்னார், அது நியாயமான புகார். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், பக்கவாட்டில் குத்தி, ஒவ்வொரு முறையும் விரலை மாற்ற வேண்டும். அவர் கைகளைப் பார்த்தால் ஒரே விரலில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. இந்த ஒரு வரி, 'தொடர்புத் திறன் முக்கியம்' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட மேல்.

9. கட்டுரையைப் படிப்பவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நோயாளி வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? சிகிச்சையை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் சர்க்கரை இறங்கிக் குழம்பியிருக்கும் நேரத்தில் சொன்ன 'வேண்டாம்', யோசித்துச் சொன்னதுதானா என்ற சந்தேகமும் உண்டு. கையை அழுத்திப் பிடிக்காமலும், மறுத்துவிட்டார் என்று எழுதிவிட்டுத் திரும்பாமலும், மூத்தவர்களை உடனே கூப்பிட்டது ஏன் சரி என்பதை நாலு வரியில் எழுதிவிடுங்கள். பல பிள்ளைகள் இதைத் தொடுவதே இல்லை.

10. 'வேறென்ன செய்திருக்கலாம்' படியைச் சுருக்கமாக முடியுங்கள். முதலில் பெயர் சொல்லி அறிமுகம், பிறகு 'சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு ஐயா?' என்ற ஒரு கேள்வி. இந்தக் கேள்வி முதலிலேயே விழுந்திருந்தால் கண்ணில் பட்ட வியர்வைக்கும் அர்த்தம் புரிந்திருக்கும்.

11. திட்டத்தில் 'இனி நன்றாகப் பேசுவேன்' என்று எழுதினால் டியூட்டர் சிவப்பு மையில் சுழிப்பார். எதை, எப்போது, யாரிடம் என்று எழுதுங்கள்: 'வெறும் வயிற்றில் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் யார் யார் என்று டியூட்டி ஏறியதும் ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். ஸ்கேன் தள்ளிப்போனால் உடனே தகவல் சொல்வேன். அடுத்த போஸ்டிங்கின் முதல் வாரத்தில், விரல் பக்கவாட்டில் குத்துவதை டியூட்டர் முன்னால் செய்து காட்டுவேன்.'

12. வெறும் 400, 500 வார்த்தைதான் கேட்டிருக்கிறார்கள் என்றால் ஆறு படியை அதற்குள் திணிக்காதீர்கள். 'என்ன? அதனால் என்ன? இனி என்ன?' என்ற மூன்று கேள்வி முறையும் நர்சிங்கில் பழக்கத்தில் உள்ளதுதான். எந்த முறை என்று டியூட்டர் குறிப்பிட்டிருந்தால் மட்டும் அதை மாற்ற வேண்டாம்.

13. கொடுப்பதற்கு முன், வார்டில் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவர் படித்தால் நோயாளி யார் என்று கண்டுபிடித்துவிடுவாரா என்று ஒருமுறை பாருங்கள். துல்லியமான வயது, தேதி, ஊர், தொழில் இருந்தால் அடித்துவிட்டு 'அறுபது வயதைத் தாண்டிய ஒருவர்' என்று மாற்றுங்கள், அதை மாற்றியிருப்பதாக முதல் பத்தியிலேயே ஒரு வரியும் சேருங்கள். கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், நோயாளியின் அடையாளம் வெளியே தெரிந்தால் அதைத் திருப்பித்தான் கொடுப்பார்கள்.